இரண்டு கோலிகள், ஒரு ஜாடி

ஒரு ஜாடியில் இரண்டே கோலிகள். ஒன்று சிவப்பு, மற்றது நீலம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பப் போட வேண்டும். கூடவே அதே நிறத்தில் புதிதாக ஒரு கோலியையும் போட வேண்டும். சிவப்பு வந்தால் ஜாடியில் இரண்டு சிவப்பு, ஒரு நீலம். மறுபடியும் குலுக்கி, மறுபடியும் எடுக்க வேண்டும். இப்படியே நூறு முறை.

நூறாவது முறை சிவப்பு வர எவ்வளவு வாய்ப்பு?

ஒவ்வொரு முறையும் ஜாடி மாறிக்கொண்டே இருப்பதால் கணக்கு சிக்கலாகத்தான் இருக்கும் என்று தோன்றும். விடையோ மிக எளிது: சரிபாதி. நூறாவது முறைக்கு மட்டுமல்ல, எந்த முறைக்கும் இதே விடைதான்.

இந்த ஜாடிக்குப் ‘போல்யா ஜாடி’ என்று பெயர். ஹங்கேரியில் பிறந்த கணிதமேதை ஜார்ஜ் போல்யா, சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் வேலை பார்த்த காலத்தில், எக்கன்பெர்கர் என்பவரோடு சேர்ந்து 1923-இல் இதைப் பற்றி எழுதினார். அவர்கள் மனதில் இருந்தது விளையாட்டு அல்ல, தொற்றுநோய். ஒருவருக்கு அம்மை கண்டால் அடுத்தவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. எடுத்த நிறத்தையே பெருக்கும் ஜாடியும் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

எப்போதும் பாதி என்பது எப்படி? ஆரம்பத்தில் மூன்று சிவப்பு, இரண்டு நீலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து கோலிகளையும் ஐந்து குடும்பங்களின் மூதாதைகளாக நினைத்துப் பார்க்கலாம். ஒரு கோலி கைக்கு வந்தால், புதிதாகப் போடும் கோலி அதன் பிள்ளை, அதே குடும்பம். குடும்பங்கள் வளரும் விதிக்கு நிறம் தெரியாது. ஐந்தில் எதற்கும் தனிச் சலுகை இல்லை. ஆகவே நூறாவதாக வரும் கோலி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு ஐந்துக்கும் சம வாய்ப்பு. மூன்று குடும்பங்கள் சிவப்பு என்பதால் விடை ஐந்தில் மூன்று. ஒன்றுக்கு ஒன்று என்று தொடங்கினால் இதே முறையில் பாதி.

ஆனால் இந்த விடை, நடந்தது எதையும் பார்க்காமல் வெளியே நிற்பவருக்கு மட்டுமே. உள்ளே இருந்து பார்த்தவருக்கு விடை வேறு. முதல் கோலி சிவப்பு என்று கண்டவருக்கு அடுத்ததும் சிவப்பாக வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. நீலம் என்று கண்டவருக்கு மூன்றில் ஒன்று. இரண்டின் சராசரிதான் அந்தப் பாதி. பத்து முறை எடுத்ததில் ஒன்பது சிவப்பு என்றால், இப்போது ஜாடியில் பன்னிரண்டு கோலிகள், அவற்றில் பத்து சிவப்பு. அடுத்தது சிவப்பாக வர ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு.

இனி மூன்று முறை எடுத்துப் பார்ப்போம். சிவப்பு, சிவப்பு, நீலம் என்ற வரிசை வர 1/2 × 2/3 × 1/4, அதாவது பன்னிரண்டில் ஒன்று. நீலம் நடுவில் வந்தாலும் முதலில் வந்தாலும் பெருக்கிப் பார்த்தால் அதே பன்னிரண்டில் ஒன்றுதான். எந்த நிறம் எத்தனை முறை வந்தது என்பதே கணக்கு. எப்போது வந்தது என்பது பொருட்டல்ல. மூன்று வரிசைகளையும் கூட்டினால், இரண்டு சிவப்பு வர நான்கில் ஒன்று. மூன்றும் சிவப்பாக வருவதற்கும் நான்கில் ஒன்று. ஒரு சிவப்புக்கும், ஒன்றுமே வராததற்கும் அதே நான்கில் ஒன்று.

நூறு முறை எடுத்தாலும் இந்தச் சமநிலை குலைவதில்லை. பூஜ்யம் சிவப்பு முதல் நூறு சிவப்பு வரை நூற்றியொரு முடிவுகளுக்கும் ஒரே வாய்ப்பு. நாணயத்தை நூறு முறை சுண்டினால், தலை நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் விழ ஏறக்குறைய 96 சதவீத வாய்ப்பு உண்டு. ஜாடியிலோ அந்த எல்லைக்குள் சிவப்பு வர 21 சதவீதம்தான்.

அதற்காக ஜாடி ஓயாமல் ஊசலாடுவதாக நினைக்க வேண்டாம். முதல் கோலி வாய்ப்பைப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டுக்குத் தூக்கிவிடுகிறது. ஆயிரம் கோலிகளில் 700 சிவப்பு என்றான பிறகு இன்னொரு சிவப்பு சேர்ந்தால், 70 சதவீதம் 70.03 ஆகிறது, அவ்வளவுதான். ஜாடி ஒரு விகிதத்தில் வந்து நிலைத்துவிடும். அது எந்த விகிதம் என்பதைத் தொடக்கத்தில் வந்த சில கோலிகளே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன. ஐம்பதுக்கு ஐம்பது கோலிகளோடு தொடங்கினால் இந்தக் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு இடம் இல்லை. அந்த ஜாடி பெரும்பாலும் 40, 60 சதவீதங்களுக்கு இடையிலேயே நிற்கும்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. வேறொருவர் ஜாடியே இல்லாமல் ஒரு நாணயம் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அது கோணல் நாணயம். எவ்வளவு கோணல் என்பது பூஜ்யம் முதல் நூறு சதவீதம் வரை எதுவாகவும் சம வாய்ப்போடு முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டது. பிறகு அது மாறுவதே இல்லை. அவர் சுண்டிச் சுண்டி எழுதிய நோட்டையும், ஜாடிக்காரர் எழுதிய நோட்டையும் அருகருகே வைத்தால், எது எவருடையது என்று எந்தக் கணக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றில் கடந்த காலம் வருங்காலத்தை வளர்க்கிறது. மற்றதில் ஆரம்பத்திலிருந்தே இருந்த சாய்வு மெல்ல வெளியே தெரிகிறது. நோட்டில் இரண்டும் ஒன்றுதான்.

நோயாளிகள் கொத்துக் கொத்தாக இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் தொற்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதும் இதனால்தான். சிலருக்கோ சில ஊர்களுக்கோ இயல்பிலேயே ஆபத்து கூடுதலாக இருந்தாலும் எண்ணிக்கை அதே வடிவில் விழலாம். நிகழ்தகவு அறிஞர் வில்லியம் ஃபெல்லர் 1943-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு: ஒரே மாதிரி தொடங்கும் பல ஜாடிகள் வேண்டும். மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். 2006-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள். கேட்க வந்தவர்கள் 14,341 பேர். ஒரு பிரிவினர் பாடல்களை மட்டுமே பார்த்தார்கள். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி ‘உலகங்களாக’ப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்தில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதையும் பார்த்தார்கள். எட்டும் பூஜ்யத்தில் தொடங்கின.

பாடல்கள் ஒன்றுதான் என்றாலும் பட்டியல்கள் எட்டும் ஒத்துப்போகவில்லை. பாடல்கள் கோலிகள் அல்ல, தரத்துக்கும் பங்கு இருந்தது. எண்ணிக்கை பார்க்காதவர்களுக்கு மிகவும் பிடித்தவை அடிமட்டத்துக்குப் போனது அபூர்வம், அவர்கள் ஒதுக்கியவை முன்னுக்கு வந்ததும் அபூர்வம். இடையில் இருந்தவைதான் எங்கும் போகக்கூடியவையாக இருந்தன. 52மெட்ரோ என்ற குழுவின் ‘லாக்டவுன்’ பாடலுக்கு, எண்ணிக்கை பார்க்காதவர்கள் கொடுத்த இடம் 26. ஓர் உலகத்தில் அது முதலிடம் பிடித்தது. இன்னொன்றில் நாற்பதாவது இடம்.