ஒரே கட்டடம், நான்கு ஆயுள்

ஒரு தனியார் நிறுவனம் மதுரைக்கு வெளியே கல்யாண மண்டபம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, அதனால் அதன் விலையைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். கட்டடத்துக்கு மட்டும் ஆன செலவு 10 கோடி ரூபாய். தொழிற்சாலை அல்லாத கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள் என்கிறது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. முடிவில் 5 சதவீதம் வரை மதிப்பு மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே அதை விட்டுவிடுகிறேன். 10 கோடியை 60-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 16 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய் தேய்மானம். கணக்குப்பிள்ளைக்கு வேலை முடிந்தது.

ஆனால் அந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்த்த எவருக்கும் இந்தக் கணக்கு ஒட்டாது. தூணும் பீமும் தளமும் 60 ஆண்டு நிற்கும், சரி. மேல்மாடிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போட்டிருப்பது இரும்புச் சட்டத்தின் மேல் வேய்ந்த தகரக் கூரை. வெயிலும் மழையும் பட்டு, ஆணி துளைத்த இடங்களில் துருவேறி, 20 ஆண்டில் அதை மாற்றத்தான் வேண்டும். முகூர்த்த நாளில் ஓயாமல் ஏறி இறங்கும் லிஃப்ட் 15 ஆண்டு ஓடினால் பெரிய விஷயம். வயரிங், சுவிட்ச் போர்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த மின் அமைப்புக்கு அட்டவணையே 10 ஆண்டுதான் தருகிறது.

பழைய 1956 சட்டத்தின் காலத்தில் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. அட்டவணையில் கட்டடத்துக்கு ஒரு விகிதம் இருந்தது, அதைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். புதிய சட்டத்தில் ஒரு குறிப்பு வந்தது. ஒரு சொத்தின் ஏதோ ஒரு பாகத்தின் விலை மொத்த விலையில் கணிசமாக இருந்து, அதன் ஆயுளும் மற்ற பாகங்களிலிருந்து வேறுபட்டால், அந்தப் பாகத்துக்கு ஆயுளைத் தனியே நிர்ணயிக்க வேண்டும். 2015 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு இது கட்டாயம்.

நம் மண்டபத்தை அப்படிப் பிரித்துப் பார்ப்போம். கட்டுமானம் 7 கோடியே 60 லட்சம், கூரை 1 கோடியே 20 லட்சம், லிஃப்ட் 60 லட்சம், மின் அமைப்பு 60 லட்சம். கட்டுமானத்துக்கு ஆண்டுக்கு 12 லட்சத்து 67 ஆயிரம், கூரைக்கு 6 லட்சம், லிஃப்டுக்கு 4 லட்சம், மின் அமைப்புக்கு 6 லட்சம். கூட்டினால் 28 லட்சத்து 67 ஆயிரம். ஒரே வரியில் போட்டதைவிட 12 லட்சம் கூடுதல்.

அந்த 12 லட்சம் காகிதக் கணக்குதானே என்று தோன்றலாம். தேய்மானம் கழித்த பிறகு மிஞ்சும் லாபத்திலிருந்துதான் டிவிடெண்ட் தரலாம் என்பது சட்டம். ஒட்டுமொத்தமாகத் தேய்மானம் போட்டு வந்தால் முதல் பத்து ஆண்டில் 1 கோடியே 20 லட்சம் லாபம் கூடுதலாகத் தெரியும். பங்குதாரர்கள் அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அது உண்மையில் கூரையும் லிஃப்டும் வயரிங்கும் தேய்ந்த பணம்.

இந்த முறையின் அருமை பாகத்தைக் கழற்றும் நாளில்தான் தெரியும். 15-ஆம் ஆண்டில் லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிது போடுகிறார்கள், விலை 1 கோடியே 10 லட்சம். பாகவாரியாக எழுதியிருந்தால் பழைய லிஃப்டின் ஏட்டு மதிப்பு அன்றைக்குப் பூஜ்யம். அந்த வரியை அடித்துவிட்டுப் புதிய லிஃப்டுக்கு ஒரு வரி திறந்தால் போதும். ஒட்டுமொத்தமாக எழுதியிருந்தால்? 60 லட்சத்தில் அதுவரை 15 லட்சம்தான் கழிந்திருக்கும். காயலான் கடைக்குப் போய்விட்ட லிஃப்ட் 45 லட்ச ரூபாய்க்குப் புத்தகத்தில் உயிரோடு இருக்கும். புதியதையும் சேர்த்தால் கட்டடத்தில் ஒரு லிஃப்ட், கணக்கில் இரண்டு. இதைத் தவிர்க்க, புதிய லிஃப்டின் விலை முழுவதையும் ரிப்பேர் செலவு என்று அந்த ஆண்டிலேயே எழுதிவிடுபவர்களும் உண்டு. அப்போது அந்த ஒரு ஆண்டின் லாபம் காரணமில்லாமல் குப்புற விழும்.

பாகம் எப்போதும் சொன்ன நாளில் தேய்ந்து முடியாது. எட்டாம் ஆண்டில் ஒரு புயல் வந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போனால், அதற்குள் 48 லட்சம்தான் கழிந்திருக்கும். மிச்சம் 72 லட்சம் அந்த ஆண்டே நட்டமாக எழுதப்பட வேண்டும். இன்சூரன்ஸ் பணம் வந்தால் அது வேறு வரி, வருமானப் பக்கத்தில் வரும். அதை நேரே புதுக் கூரையின் விலையில் கழித்துக்கொள்ளக் கூடாது. நடைமுறையில் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

கட்டுகிற காலத்தில் பிரிக்கத் தவறியவர்களும் தப்பிவிட முடியாது. பாகத்தை மாற்றும்போது பழையதைக் கணக்கிலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்று கணக்கியல் தரநிலைகள் சொல்கின்றன. பழைய விலை தெரியாவிட்டால் புதியதன் விலையை வைத்து, விலைவாசி ஏற்றத்தைக் கழித்து, அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று மதிப்பிடலாம். மதிப்பீடு மதிப்பீடுதான். அதனால் கட்டும்போதே பிரித்து வைப்பது நல்லது. லிஃப்டுக்குத் தனி பில் இருக்கும். கூரைக்கும் வயரிங்குக்கும் கான்ட்ராக்டரின் அளவைப் பட்டியலும் எஞ்சினியரின் சான்றும் கைகொடுக்கும். ஆர்க்கிடெக்ட் கட்டணம், கட்டுமானக் காலத்து வட்டி போன்ற பொதுச் செலவைப் பாகங்களின் விலை விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு இருந்தால் கணிசம்? சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. நிறுவனம் ஒரு அளவுகோல் வைத்து, ஆடிட்டரிடம் நியாயம் சொல்ல வேண்டும். கைப்பிடிச் சுவரும் கதவுக் குமிழும் இந்த வேலைக்குள் வராது. ஆயுள் ஒன்றாக உள்ளவற்றை ஒரே வரியில் சேர்க்கலாம். லிஃப்டுக்கென்று அட்டவணையில் தனி வரி இல்லாததால் பலர் பொது இயந்திரத்துக்கான 15 ஆண்டையே எடுத்துக்கொள்கிறார்கள். அதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ வைத்தால் தொழில்நுட்பக் காரணத்தோடு அறிக்கையில் சொல்ல வேண்டும். கூரைக்கு நாம் வைத்த 20 ஆண்டும் அப்படித்தான், எஞ்சினியர் கையெழுத்தில்லாமல் நிற்காது. லிஃப்டுக்கு எண்ணெய் போடுவது, கூரையில் ஒரு தகரத்தை மாற்றுவது எல்லாம் பராமரிப்பு. அவை அந்தந்த ஆண்டுச் செலவிலேயே போகும்.

வருமான வரிக் கணக்கில் இந்தப் பிரிவினைக்கு இடமே இல்லை. அங்கே ஒரே விகிதமுள்ள சொத்துகள் ஒரு தொகுப்பாகச் சேர்ந்து, மிச்ச மதிப்பின் மேல் தேய்மானம் போகும். தொகுப்புக்குள் ஒரு பாகம் செத்தாலும் அதற்குத் தனி நட்டம் கிடையாது. அதனால் நிறுவனம் இரண்டு தேய்மானப் பட்டியல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததில் தவறேதும் இல்லை.

வெளியாளும் இதைச் சோதிக்கலாம். ஆண்டறிக்கையில் நிலையான சொத்துகளின் குறிப்பைத் திறந்தால், சேர்த்தது ஒரு பத்தி, நீக்கியது ஒரு பத்தி என்று இருக்கும். மண்டபத்தைப் புதுப்பித்தோம், லிஃப்டும் கூரையும் புதிது என்று இயக்குநர்கள் எழுதியிருந்து, சேர்த்த பத்தியில் தொகை இருந்து, நீக்கிய பத்தி காலியாக இருந்தால், பழைய லிஃப்டையும் பழைய கூரையையும் எந்த வரியில் எடுத்தீர்கள் என்று பங்குதாரர் கூட்டத்தில் கேட்கலாம்.