'ok' என்றால் நெருக்கம், 'Okay.' என்றால் கோபமா? குறுஞ்செய்தியில் ஒரு புள்ளி செய்யும் வேலை

புதுடெல்லி: மாலையில் வெளியே சென்று சாப்பிடலாமா என்று நெருங்கிய தோழியிடம் வாட்ஸ்ஆப்பில் ஆங்கிலத்தில் கேட்கிறீர்கள். ok என்று பதில் வந்தால் மனம் அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகிறது. Okay. என்று பெரிய எழுத்தில் தொடங்கி முற்றுப்புள்ளியுடன் பதில் வந்தால், 'என்ன ஆயிற்று இவளுக்கு?' என்ற கேள்வி எழுகிறது. இரண்டுக்கும் பொருள் 'சரி' என்பதுதான். முதல் எழுத்தும் கடைசிப் புள்ளியும் எங்கிருந்து இவ்வளவு கனம் பெற்றன?

புள்ளிக்கு வேலை போனது எப்படி?

காகிதத்தில் எழுதும்போது ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்ட முற்றுப்புள்ளி வேண்டும். குறுஞ்செய்தியில் அந்த வேலையை 'அனுப்பு' பொத்தானே செய்துவிடுகிறது. ஒவ்வொரு செய்தியும் தனித்தனிக் கட்டத்தில் வந்து விழுவதால், கட்டம் முடியும் இடத்தில் வாக்கியமும் முடிந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே புள்ளி தேவையில்லை. தேவையில்லாத ஒன்றை ஒருவர் மெனக்கெட்டு வைத்தால், அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று படிப்பவரின் மனம் தேடத் தொடங்குகிறது. 'பேச்சு இத்துடன் முடிந்தது' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதைப் போல அந்தப் புள்ளி ஒலிக்கிறது.

இதை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் சீலியா கிளின் தலைமையிலான குழு 2015ஆம் ஆண்டு சோதித்துப் பார்த்தது. 126 இளங்கலை மாணவர்களிடம் சிறு உரையாடல்கள் படிக்கத் தரப்பட்டன. ஒருவர் அழைப்பு விடுக்கிறார்; மற்றவர் ஒரே சொல்லில் சம்மதிக்கிறார். சில பதில்களில் முற்றுப்புள்ளி இருந்தது, சிலவற்றில் இல்லை. புள்ளி வைத்த பதில்கள் மனப்பூர்வமானவையாகத் தோன்றவில்லை என்று மாணவர்கள் மதிப்பிட்டனர். அதே பதில்களைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது இந்த வேறுபாடு தென்படவில்லை. குற்றம் புள்ளியில் இல்லை, அது வந்து நின்ற இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்தச் சோதனையின் எல்லையையும் மறக்கக் கூடாது. அது ஒரே நாட்டின் கல்லூரி மாணவர்களிடம், ஒற்றைச் சொல் பதில்களை வைத்து நடத்தப்பட்டது. நான்கு வரிச் செய்தியில் உள்ள புள்ளிகளுக்கோ, அறுபது வயதுக்காரரின் பழக்கத்துக்கோ அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

சிறிய எழுத்துக்குத்தான் கூடுதல் உழைப்பு

சிறிய எழுத்துகளிலேயே எழுதுவதைச் சோம்பல் என்று பெரியவர்கள் குறைகூறுவது உண்டு. கணினி விசைப்பலகைக் காலத்தில் அது ஓரளவு உண்மைதான். பெரிய எழுத்து வேண்டுமென்றால் ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருந்தது. திறன்பேசியில் நிலைமை தலைகீழ். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கும் வசதி அதில் முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். இரண்டு முறை இடைவெளி தட்டினால் முற்றுப்புள்ளியும் தானாக விழும். எனவே சிறிய எழுத்தில் தொடங்க விரும்புபவர் ஒவ்வொரு முறையும் அதைத் திருத்த வேண்டும், அல்லது அமைப்புகளுக்குள் சென்று Auto-Capitalization என்பதை அணைத்துவைக்க வேண்டும். பல இளைஞர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

கனடாவைச் சேர்ந்த மொழியியலாளர் கிரெட்சன் மெக்குலாக் இணைய மொழி குறித்து 2019இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தைக் கவனப்படுத்தினார். இயந்திரமே ஒழுங்குபடுத்தித் தரும் காலத்தில், ஒழுங்கில்லாமல் எழுதுவது ஒரு தேர்வாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு முன்னால் கசங்காத சட்டை அணிகிறோம். வீட்டாருடன் இருக்கும்போது அந்தக் கவலை இல்லை. சிறிய எழுத்துச் செய்தி அந்த வீட்டு உடையைப் போன்றது. 'உன்னிடம் நான் விறைப்பாக இருக்க வேண்டியதில்லை' என்பதே அதன் பொருள். குரல் உயராத, அமைதியான பேச்சின் தோற்றமும் அதற்கு உண்டு. பாடகி டெய்லர் ஸ்விப்ட் 2020இல் வெளியிட்ட folklore தொகுப்பில் பாடல் தலைப்புகள் அனைத்தையும் சிறிய எழுத்திலேயே தந்ததும் இந்தத் தொனியை நம்பித்தான் என்று கருதலாம்.

விடுப்புக் கேட்டவரின் குழப்பம்

இந்தியாவில் இது இன்னும் சிக்கலாகிறது. இங்கே பெரும்பாலானோர் ஆங்கிலத்தை வீட்டில் கற்கவில்லை. பள்ளியில், கடிதம் எழுதும் பயிற்சியோடு கற்றார்கள். முழு வாக்கியமும் சரியான புள்ளியும் அவர்களுக்கு மரியாதையின் அடையாளங்கள். பெங்களூருவில் ஒரு மென்பொருள் அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். 24 வயதுப் பணியாளர் தன் மேலாளரிடம் அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்காக வெள்ளிக்கிழமை விடுப்புக் கேட்கிறார். 52 வயது மேலாளரிடமிருந்து Okay. Take leave. என்று பதில் வருகிறது. பணியாளர் அன்று முழுவதும் கலங்குகிறார். மேலாளரோ கேட்டதும் விடுப்புக் கொடுத்த மகிழ்ச்சியில் இருக்கிறார். மறுபக்கம், அந்தப் பணியாளர் thanks sir will finish the report by thu என்று அனுப்பினால், அது அலட்சியமாக எழுதப்பட்டது என்று மேலாளர் முகம் சுளிக்கக்கூடும். இருவருமே மரியாதைக் குறைவாக எதையும் எழுதவில்லை.

இதில் எது கோபம், எது பழக்கம் என்று அறிய நம்பகமான வழி, அதே நபரின் பழைய செய்திகளைத் திரும்பிப் பார்ப்பதே. அந்த மேலாளர் பிறந்தநாள் வாழ்த்துக்கும் மதிய உணவு அழைப்புக்கும் புள்ளி வைத்தே எழுதியிருந்தால், அது அவருடைய கையெழுத்து. அதில் செய்தி எதுவும் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாக coming in 10 என்று எழுதிவந்த அறைத்தோழி, திடீரென ஒரு நாள் I will come by 8. என்று எழுதினால் கவனிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தின் வடிவத்தைவிட, வழக்கத்திலிருந்து அது விலகியதே பேசுகிறது.

அப்போதும் அவசரப்பட வேண்டாம். அவர் புதிய கைப்பேசி வாங்கியிருக்கலாம். அதில் தானியங்கி வசதி மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கும். வண்டியில் செல்லும்போது குரல்வழியாகச் செய்தியைச் சொல்லியிருக்கலாம். 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் ஐபோனில் அப்படிச் சொல்லும் வாக்கியங்களுக்கு இயந்திரமே நிறுத்தற்குறி இட்டுவிடுகிறது. கணினியிலிருந்து அனுப்பும்போதும் ஒருவரின் எழுத்து நடை மாறும்.

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பாகுபாடே இல்லை. ஆகவே தமிழில் தட்டச்சு செய்பவர்களிடம் இந்த வேலையைப் பெரும்பாலும் சொற்களின் ஈறுகளே செய்கின்றன. 'சரிங்க', 'சரிப்பா', 'சரிடா' என்று எழுதும்போது உறவின் தூரம் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. வழக்கமாக 'சரிடா' என்று எழுதும் நண்பன் ஒரு நாள் வெறும் 'சரி.' என்று நிறுத்திக்கொண்டால், அங்கே புள்ளியைவிட முதலில் கண்ணில் படுவது காணாமல் போன அந்த 'டா'தான்.