இரண்டு அட்வான்ஸ், ஒரு சம்பளச் சீட்டு

மாதக் கடைசியில் கையில் வரும் சம்பளச் சீட்டில் பலரும் பார்ப்பது அடியில் இருக்கும் ஒரே ஓர் எண்ணைத்தான். அது வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் மட்டுமே கண் மேலே ஏறுகிறது. ‘அட்வான்ஸ் பிடித்தம்’ என்று ஒரு வரி தெரிகிறது. எந்த அட்வான்ஸ்? பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு வாங்கியதா, டூர் போக வாங்கியதா? இந்தக் கேள்விக்கு அக்கவுண்ட்ஸ் பிரிவு உடனே பதில் சொன்னால் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். லெட்ஜரைப் புரட்டிவிட்டு, “நாளைக்கு வாங்க, பார்த்துச் சொல்றேன்” என்றால் இரண்டும் ஒரே கணக்கில் கிடக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

இரண்டின் இயல்பும் வேறு. சம்பள முன்பணம் ஊழியரின் சொந்தச் செலவுக்கானது. அதை எப்படிச் செலவழித்தார் என்று கம்பெனி கேட்பதில்லை. பணம் திரும்பி வந்தால் போதும். டூர் அட்வான்ஸோ கம்பெனி வேலைக்காகக் கம்பெனி கொடுத்த பணம். அது பில்லாகத் திரும்பி வரவேண்டும். பில் ஏற்கப்பட்ட அளவுக்குத்தான் அந்தக் கடன் தீரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி, அதில் ஒரு சர்வீஸ் இன்ஜினியர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 36,000 ரூபாய். பி.எஃப். பிடித்தம் 1,800 போக மாதம் 34,200 அவர் கைக்கு வருகிறது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்காக 24,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஆறு தவணை, மாதம் 4,000 என்று எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனி கொடுக்கிறது. ஜூலை சம்பளம் 30,200 ஆகிறது.

இதில் கணக்கு எழுதுபவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஜூலையில் கம்பெனியின் சம்பளச் செலவு 36,000தான், 32,000 அல்ல. அந்த மாதம் அவர் வேலை பார்த்துச் சம்பாதித்தது முழுத் தொகை. அதிலிருந்து 4,000 பழைய பாக்கிக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் பல சிறிய அலுவலகங்களில் வங்கியிலிருந்து போன தொகையை மட்டும் பார்த்து, அதையே சம்பளச் செலவு என்று டாலியில் ஏற்றிவிடுகிறார்கள். இதனால் இரண்டு தப்பு ஒரே நேரத்தில் நடக்கிறது. சம்பளச் செலவு குறைத்துக் காட்டப்படுகிறது. ஊழியர் பெயரில் உள்ள முன்பணக் கணக்கு இறங்கவே இறங்காமல் 24,000 என்றே நிற்கிறது. ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டியவரிடம் ஜனவரியில், “உங்க பேர்ல 24,000 பாக்கி இருக்கே சார்” என்று கேட்கும் கூத்து இப்படித்தான் பிறக்கிறது. டிசம்பர் சம்பளம் போட்ட மறுநாள் அந்த லெட்ஜரைத் திறந்து பார்த்தால் மீதி பூஜ்யமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் எந்த மாதத்தில் பிசகியது என்று அப்போதே தேடிவிடுவது எளிது.

பி.எஃப்., வருமான வரி இரண்டுக்கும் இதே விதிதான். தவணையைக் கழித்த தொகையில் பி.எஃப். கணக்கிடக் கூடாது. வரிக்கும் முழுச் சம்பளமே அடிப்படை. தவணை கட்டியதால் வருமானம் குறைந்துவிடாது.

தவணை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? கம்பெனி இஷ்டத்துக்கு விட்ட விஷயம் அல்ல இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்தச் சம்பள காலத்து ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அதற்கு முன்பிருந்த 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் பொதுவான வரம்பு பாதிதான். கூட்டுறவுச் சங்கப் பாக்கி இருந்தால் முக்கால் பங்கு வரை போகலாம் என்றிருந்தது. ஆனால் அந்தச் சட்டம் குறிப்பிட்ட சம்பளத்துக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் பொருந்தியது. கடைசியாக அந்த வரம்பு மாதம் 24,000 ரூபாய். நம் இன்ஜினியர் அதற்கு மேல் வாங்குபவர், ஆகவே பழைய சட்டத்தின் வெளியே நின்றவர். புதிய தொகுப்பில் அந்தச் சம்பள வரம்பு இல்லை. 24,000 ரூபாயை ஒரே மாதத்தில் பிடித்தால் பி.எஃப். சேர்த்து 25,800 ஆகும். 36,000இல் பாதி 18,000தான். ஆறு தவணை என்பது கருணை போலத் தெரியலாம். ஒரே தவணை சட்டப்படியே முடியாது.

இனி செப்டம்பருக்கு வருவோம். அவர் மதுரைக்கு ஒரு வாடிக்கையாளரின் பம்ப் பழுதைப் பார்க்கப் போகிறார். மூன்று நாள், இரண்டு இரவு. புறப்படும்போது டூர் அட்வான்ஸ் 5,000. திரும்பி வந்து அவர் கொடுத்த பயணப் பில் இப்படி இருக்கிறது: பஸ் 600, லாட்ஜ் இரவுக்கு 1,900 வீதம் 3,800, பேட்டா நாளுக்கு 500 வீதம் 1,500, ஆட்டோ 640, அங்கே வாங்கிய கேஸ்கட் 450. மொத்தம் 6,990. அட்வான்ஸ் போக 1,990 வரும் என்று காத்திருந்தவருக்கு வந்தது 760.

எங்கே போனது 1,230?

அந்தக் கம்பெனி விதிப்படி லாட்ஜுக்கு இரவுக்கு 1,500தான். ஆவணி முகூர்த்த நாட்கள். மதுரையில் அறை கிடைத்ததே பெரிது என்பது அவர் வாதம். நியாயம்தான். ஆனால் முன்பதிவு செய்தபோதே மேலாளருக்கு ஒரு வரி மெயில் போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தால் அக்கவுண்ட்ஸ் கையைப் பிடித்திருக்காது. போய் வந்தபின் சொல்லும் காரணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் விதியை மீறி அனுமதிக்கும் அதிகாரம் பில்லைச் சரிபார்க்கிற கிளார்க்கிடம் கிடையாது. இதில் வெட்டு 800.

மூன்றாம் நாள் விடியற்காலை பஸ் பிடித்து மதியத்துக்கு முன்பே கோவை வந்துவிட்டார். அன்றைக்கு அரை பேட்டாதான். 250 போயிற்று. ஊரில் இல்லாத நேரத்தை வைத்துச் சாப்பாட்டுப் படியைக் குறைக்கிற பழக்கம் தனியார் கம்பெனிகளின் கஞ்சத்தனம் மட்டும் அல்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கான 2017ஆம் ஆண்டு விதிகளிலும் தலைமையிடத்தை விட்டு விலகியிருந்த நேரம் 6 மணிக்குக் குறைவு என்றால் 30 சதவீதம், 6 முதல் 12 மணி வரை 70 சதவீதம், அதற்கு மேல்தான் முழுப் படி.

மீதி 180 ரூபாய் ஆட்டோவில் வெட்டுப்பட்டது. எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி என்று எழுதாமல் ‘லோக்கல் ஆட்டோ’ என்று மட்டும் போட்ட வரி அது. ஆட்டோக்காரர் பில் தரமாட்டார் என்று எல்லா அக்கவுண்டன்ட்டுக்கும் தெரியும். அதனால்தான் ஊழியரே இடம், தேதி, தொகை எழுதிக் கையெழுத்துப் போட்ட வவுச்சரைப் பல கம்பெனிகள் ஏற்கின்றன. மூன்று வெட்டுகளில் இது ஒன்றுதான் மறுபடி உயிர் பெறக்கூடியது. விவரம் எழுதிக் கொடுத்தால் அடுத்த பில்லோடு கேட்கலாம். அதற்கு, எந்த வரியில் எவ்வளவு, ஏன் வெட்டப்பட்டது என்று பில்லின் மேலேயே எழுதித் தரவேண்டும். மொத்தமாக ‘1,230 அனுமதி இல்லை’ என்று சிவப்பு மையில் கிறுக்கித் திருப்புவது சண்டைக்கு அழைப்பு.

இந்த 1,230 கம்பெனியின் புத்தகத்தில் எங்கே பதிவாகும் என்றால், எங்கேயும் இல்லை. பயணச் செலவாக 5,310, உதிரிபாகமாக 450, ஆக 5,760 பற்று. எதிரே டூர் அட்வான்ஸ் 5,000 தீர்கிறது. 760 வங்கியிலிருந்து போகிறது. கேட்ட தொகை முழுவதையும் செலவாக எழுதிவிட்டால், வெட்டிய 1,230 ஊழியருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி என்று வருடக் கணக்காக உட்கார்ந்திருக்கும். ஆடிட்டர் வந்து கேட்கும்போது யாருக்கும் நினைவிருக்காது.

அதைவிட மோசமான தப்பு ஒன்று உண்டு. வெட்டிய தொகையைப் ‘பிடிக்கவேண்டியது’ என்று தவறாகப் புரிந்துகொண்டு, அக்டோபர் சம்பளத்தில் 1,230 பிடிப்பது. 760 மட்டும் கொடுத்தபோதே அந்த வெட்டு முடிந்துவிட்டது. இரண்டாவது முறை பிடித்தால் ஊழியர் ஒரே தொகையை இரண்டு தடவை இழக்கிறார். ஏற்கப்பட்ட தொகையைவிட வாங்கிய அட்வான்ஸ் அதிகமாக இருந்தால் மட்டும்தான் ஊழியர் திருப்பித் தரவேண்டியது வரும். அட்வான்ஸ் 6,000 வாங்கியிருந்தால் 5,760 போக 240 அவர் தரவேண்டும். அப்போதும் 1,230 அல்ல.

பில்லையே கொடுக்காமல் இழுத்தடித்தால் கதை வேறு. மத்திய அரசில் பயணம் முடிந்து 60 நாளுக்குள் பில் போடவேண்டும். தனியாரில் பெரும்பாலும் இன்னும் குறுகிய கெடு. கெடு தாண்டினால் 5,000 ரூபாயும் சம்பளத்தில் பிடிக்கப்படலாம். சட்டமும் இதை அனுமதிக்கிறது: பயணப்படிக்கான முன்பணம் உட்பட எந்த வகை முன்பணத்தையும் ஊதியத்தில் பிடிக்கலாம் என்று பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் இருக்கிறது. அப்படிப் பிடித்தால் நம் இன்ஜினியரின் பிடித்தம் 1,800, 4,000, 5,000 சேர்ந்து 10,800 ஆகும். கைக்கு வருவது 25,200. பிறகு பில் கொடுத்து 5,760 ஏற்கப்பட்டால் முழுத் தொகையும் அவருக்குத் திரும்பி வரவேண்டும், 760 மட்டும் அல்ல. அட்வான்ஸ்தான் ஏற்கெனவே சம்பளத்தில் தீர்ந்துவிட்டதே! இதை மறக்கிற அலுவலகங்கள் உண்டு. ஸ்கூல் ஃபீஸ் முன்பணமும் டூர் முன்பணமும் ஒரே தலைப்பில் இருந்தால் இந்த மறதியைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

அக்டோபர் தவணையோடு வேலையை விட்டுப் போகிறார் என்றால் ஜூலை முதல் நான்கு தவணையில் 16,000 தீர்ந்திருக்கும், பாக்கி 8,000. அது கடைசிக் கணக்கில் கழியும். ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தீர்க்கவேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. ஆகவே நிலுவையில் உள்ள டூர் பில்லை ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

பிடிக்கவே கூடாத முன்பணம் ஒன்றும் உண்டு. வேலையில் சேருவதற்கு முன் கொடுத்த கடனை முதல் முழு மாதச் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம். ஆனால் அது வேலைக்கு வந்து சேரப் பயணச் செலவுக்காகக் கொடுத்த பணம் என்றால் திரும்பப் பிடிக்கக் கூடாது. 1936ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி புதிய தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து, பஸ், ரயில் கட்டணத்தை முதல் சம்பளத்தில் கழிக்கும் முதலாளிகளில் பலருக்கு இது தெரியாது. கழிக்கப்பட்டவர்களுக்கும் தெரியாது.