யூடியூப் தேடல் பெட்டி சொல்லித்தரும் தலைப்புகள்: ஒரு என்எல்சி உதாரணம்

நெய்வேலி டவுன்ஷிப்ல இருந்து பேசுறேன். சேனல் நடத்துற நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்வி, "அடுத்து எதைப் பத்தி வீடியோ போடுறது?" என்பதுதான். அதுக்கு ஒரு பாதி பதில் யூடியூப் தேடல் பெட்டியிலேயே இருக்கு. மீதிப் பாதி ஏன் அங்க இல்லைங்கறதையும் சேர்த்து இந்த எபிசோட்ல பார்ப்போம்.

முதல்ல அது எப்படி வேலை செய்யுது? நீங்க `nlc` என்று அடிச்சதுமே கீழே ஒரு பட்டியல் விழுதில்லையா, அதை யாரும் உட்கார்ந்து எழுதல. மத்தவங்க ஏற்கெனவே தேடின வாக்கியங்களோட தொகுப்புதான் அதுக்கு மூலம். கூகுள்ல இந்த வசதியைக் கெவின் கிப்ஸ் என்ற இன்ஜினியர் உருவாக்கி, 2004 டிசம்பர்ல சோதனையா வெளியிட்டாங்க. அடிப்படை யோசனை இன்னைக்கும் அதேதான். நீங்க அடிச்ச எழுத்துகள்ல தொடங்குற தேடல்கள் எவை, அதுல நிறைய பேர் தேடினது எது, சமீபத்துல சூடு பிடிச்சது எது என்று பார்த்து வரிசைப்படுத்துறாங்க. அதுக்கு மேல உங்க மொழி, உங்க இடம், நீங்க முன்னாடி தேடினது எல்லாம் சேரும். ஆபாசம், வெறுப்பு மாதிரியானவற்றை ஒரு வடிகட்டி எடுத்துடும். இவ்வளவும் ஒவ்வொரு எழுத்துக்கும் கண் இமைக்கிற நேரத்துல நடக்கணும். அதனால ஒவ்வொரு முன்னொட்டுக்கும் பொருத்தமான வாக்கியங்களை முன்கூட்டியே அடுக்கி வைப்பாங்க. நம்ம டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்புல படிச்ச 'ட்ரை' என்ற மரம் ஞாபகம் இருக்கா? இந்த மாதிரி வேலைக்குத்தான் அது.

இதுல இருந்து ஒரு விஷயம் தெளிவாகுது. பட்டியல்ல இருக்கிறது உண்மையான மனுஷங்க அடிச்ச கேள்வி. ஆனா எத்தனை பேர் அடிச்சாங்க என்ற எண் அதுல கிடையாது. முதல்ல வர்றதுதான் அதிகம் தேடப்பட்டது என்றும் எடுத்துக்க முடியாது, ஏன்னா உங்க இடமும் உங்க பழக்கமும் வரிசையை மாத்தும்.

சரி, நம்ம ஊர் உதாரணத்துக்கு வருவோம். என்எல்சி அப்ரண்டிஸ் அறிவிப்பு வந்தா மந்தாரக்குப்பம், வடலூர், பண்ருட்டி பக்கத்துப் பசங்க எல்லாரும் முதல்ல திறக்கிறது யூடியூப். அங்க போன வருஷத்து வீடியோவைப் பார்த்துட்டு, முடிஞ்சுபோன தேதிக்கு ஓடுறவங்களும் உண்டு. அதனால இந்தத் தலைப்புல யார் என்ன கேக்குறாங்கன்னு சரியாத் தெரிஞ்சு பதில் சொன்னா, ஒருத்தரோட ஒரு வருஷம் மிச்சமாகும்.

முதல்ல மறைநிலை ஜன்னலைத் திறங்க, லாகின் பண்ணாதீங்க. லாகின்ல இருந்தா உங்க பழைய தேடல்களும் பட்டியல்ல கலந்துடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் இருக்கு: பக்கத்துல கடிகாரச் சின்னம் இருந்தா அது உங்க சொந்த வரலாறு. பூதக்கண்ணாடிச் சின்னம் இருக்கிறதை மட்டும் குறிச்சுக்கங்க.

அடுத்து `nlc apprentice` என்று அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, `a` போடுங்க. வர்றதை எழுதிட்டு, அதை அழிச்சு `b` போடுங்க. இப்படி `z` வரைக்கும் போங்க. வெறும் இடைவெளியில வராத கேள்விகள் இந்த எழுத்துகள்ல வெளிய வரும்.

மூணாவதுதான் தமிழ் சேனல்களுக்கு ரொம்ப முக்கியம். நம்ம ஆட்கள் ஒரே கேள்வியை மூணு விதமா அடிப்பாங்க:

```
nlc apprentice how to apply
nlc apprentice eppadi apply pannuvathu
என்எல்சி அப்ரண்டிஸ் விண்ணப்பிப்பது எப்படி
```

நமக்கு இது ஒரே கேள்வி. எழுத்து எழுத்தாப் பொருத்திப் பார்க்கிற பட்டியலுக்கு மூணு வெவ்வேறு வாசல். `eppadi`, `epdi`, `yepadi` கூட தனித்தனியாப் போகலாம். மூணு வாசல்லயும் தட்டிப் பாருங்க. ஆங்கிலத்துல அறிவிப்பைத் தேடுறவரும், தமிழ் எழுத்துல தேடுற அப்பா அம்மாவும் வேற வேற கேள்வியோட வருவாங்க.

கையால அடிக்கக் கஷ்டமா இருந்தா, பிரவுசர் முகவரிப் பட்டியில இதைப் போடலாம்:

```
https://suggestqueries.google.com/complete/search?client=firefox&ds=yt&hl=ta&gl=IN&q=nlc+apprentice
```

`ds=yt` என்றால் யூடியூப் தேடல், `hl` மொழி, `gl` நாடு. நீங்க கேட்ட வாக்கியமும், பின்னால பரிந்துரைப் பட்டியலும் வரும். இது அதிகாரப்பூர்வமா வெளியிட்ட வசதி இல்ல, எப்ப வேணா நிறுத்தலாம். ஸ்கிரிப்ட் எழுதி ஆயிரக்கணக்கா அடிக்காதீங்க, தடுத்துடுவாங்க.

இப்ப கையில ஒரு நீளமான பட்டியல் இருக்கும். அதை அப்படியே தலைப்பா வைக்காதீங்க. கேள்விகளாப் பிரிங்க: கடைசித் தேதி, தேவையான சான்றிதழ்கள், உதவித்தொகை, தேர்வு முறை, பயிற்சி முடிஞ்ச பிறகு வேலை. ஒவ்வொண்ணையும் தேடி, மேல வர்ற அஞ்சு வீடியோவோட தேதியைப் பாருங்க, ரெண்டு நிமிஷம் பார்த்துப் பதில் உள்ள இருக்கான்னு பாருங்க. கேள்வி இருந்து, நல்ல புதுப் பதில் இல்லாத இடம்தான் உங்க தலைப்பு.

இங்க ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, வருஷம். பட்டியல்ல பழைய வருஷத்தோட வாக்கியங்கள் தங்கிடும். அது போன அறிவிப்புச் சமயத்துத் தேடல், இப்போதைய தேவை இல்ல. இன்னொண்ணு, வதந்தி. "அப்ரண்டிஸ் முடிச்சா நிரந்தர வேலை" என்ற மாதிரி ஒரு வாக்கியம் பட்டியல்ல வந்தா, அது உண்மைன்னு அர்த்தம் இல்ல. நிறைய பேர் அதைக் கேக்குறாங்கன்னுதான் அர்த்தம். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின்படி இது பயிற்சி, வேலை உத்தரவாதம் கிடையாது. அந்த வாக்கியத்தைத் தலைப்பா வச்சு ஆசை காட்டுறதுக்கும், அதே கேள்விக்கு நேரான பதில் சொல்றதுக்கும் நடுவுலதான் உங்க சேனல் மேல நம்பிக்கை இருக்கு. அறிவிப்பை என்எல்சி இணையதளத்துலயே படிச்சுட்டுப் பேசுங்க.

இன்னொரு எல்லையும் சொல்லணும். தேடல் குறைவான விஷயங்கள் பட்டியலுக்கே வராது. டவுன்ஷிப்ல ஒரு வட்டத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை தேடல் பெட்டிக்குத் தெரியாது. கூகுள் ட்ரெண்ட்ஸ்ல 'யூடியூப் தேடல்' என்று மாத்திப் பார்த்தாலும், இந்த அளவு தலைப்புக்குப் போதிய தரவு இல்லைன்னு சொல்லக்கூடும். அதுக்கு வழி உங்க சொந்த சேனல்தான். வீடியோ போட்ட பிறகு ஸ்டுடியோவுல பார்வை வந்த வழிகள்ல 'யூடியூப் தேடல்' என்பதைத் திறங்க. எந்த வார்த்தையைத் தேடி உங்ககிட்ட வந்தாங்கன்னு அங்க இருக்கும். பெட்டி காட்டாத வார்த்தை அங்க வந்தா, அடுத்த வீடியோவோட தலைப்பு அதுதான்.

உங்க ஊர்த் தலைப்பு ஒண்ணை எடுத்து மூணு வாசல்லயும் தட்டிப் பாருங்க. என்ன கிடைச்சதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ஒண்ணை எடுத்துப் பிரிச்சுப் பார்ப்போம்.