வரவேண்டியவர்கள் எங்கே?

பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை ஏதேனும் ஒரு கோளாவது சுற்றிவருகிறது என்பது கடந்த முப்பது ஆண்டுக் கண்டுபிடிப்புகளால் உறுதியாகிவிட்டது. இவ்வளவு இடமிருந்தும் வெளியிலிருந்து யாரும் வந்துபோன தடயம் பூமியில் இல்லை, நிலவில் இல்லை, செவ்வாயில் இல்லை. இந்த முரணுக்கு இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

1950 கோடையில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஃபெர்மி மூன்று நண்பர்களோடு மதிய உணவுக்கு நடந்துபோனார். பறக்கும் தட்டுப் பேச்சு நாடெங்கும் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். நியூயார்க் தெருக்களில் குப்பைத்தொட்டிகள் காணாமல் போவதற்கு வேற்றுக்கிரகவாசிகளே காரணம் என்று ஒரு பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரத்தைப் பற்றி நால்வரும் சிரித்துப் பேசினார்கள். பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. சாப்பாட்டின் நடுவே ஃபெர்மி திடீரென்று, எல்லாரும் எங்கே என்று கேட்டார். எதைப் பற்றிக் கேட்கிறார் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. மேசையில் சிரிப்பு எழுந்தது.

கேள்வியின் கூர்மை நட்சத்திரங்களின் எண்ணிக்கையைவிடக் காலத்தின் நீளத்தில்தான் இருக்கிறது. விநாடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாயேஜர் 1 விண்கலத்தை எடுத்துக்கொள்ளலாம். நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா செந்தாரியின் தொலைவு 4.24 ஒளியாண்டு. அவ்வளவு தூரத்தை இந்த வேகத்தில் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டு பிடிக்கும். மனித ஆயுளை வைத்துப் பார்த்தால் நடக்காத காரியம். ஆனால் பால்வீதியின் வயது 1,300 கோடி ஆண்டு.

இன்னொரு கணக்கு. ஒரு நாகரிகம் ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கை எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஒளியாண்டு தள்ளியுள்ள நட்சத்திரத்துக்குப் போய்ச்சேர 1,000 ஆண்டு. அங்கே காலூன்றி, பெருகி, அடுத்த கப்பலைக் கட்டி அனுப்ப 5,000 ஆண்டு. ஆக ஒரு தாவலுக்கு 6,000 ஆண்டு. பால்வீதியின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை உள்ள ஒரு லட்சம் ஒளியாண்டைக் கடக்க 10,000 தாவல்கள் வேண்டும். மொத்தம் 6 கோடி ஆண்டு. பூமியில் டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டாகிறது. பால்வீதியின் வயதுக்குள் இப்படி ஒரு பரவல் இருநூறு தடவைக்கு மேல் நடந்து முடிந்திருக்கலாம்.

இந்த வாதத்தை 1975இல் ஒரு கட்டுரையாக எழுதி இறுக்கிக் கட்டியவர் மைக்கேல் ஹார்ட். அவர்களுக்குப் பயணத்தில் நாட்டமில்லை, நம்மைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை, போரிட்டு அழிந்துபோனார்கள் என்றெல்லாம் சமாதானம் சொல்வது எளிது. ஆனால் அந்தச் சமாதானம் எல்லா நாகரிகங்களுக்கும், அவற்றின் எல்லாக் காலத்துக்கும் பொருந்தியாக வேண்டும். ஆயிரம் பேர் வீட்டை விட்டு அசையாவிட்டாலும் ஒருவர் கிளம்பிவிட்டால் போதும், கணக்கு தப்பிவிடும். அதனால்தான் குணத்தைக் காரணம் காட்டும் பதில்கள் கேட்க இனிமையாக இருந்தாலும் எடை குறைந்தவை.

பயணம் ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு குரலாவது கேட்டிருக்க வேண்டாமா? இங்கே பதில் வேறு. 1960இல் ஃபிராங்க் டிரேக் இரண்டு நட்சத்திரங்களை நோக்கி ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பியதில் தொடங்கியது இந்தத் தேடல். எந்தத் திசை, எந்த அதிர்வெண், எவ்வளவு நேரம், எவ்வளவு மெல்லிய ஒலி என்று தேடவேண்டிய பரப்பு பல பக்கமும் விரிகிறது. அந்தப் பரப்பு முழுவதையும் உலகத்தின் கடல்நீராக வைத்தால், இதுவரை அலசியது சுமார் 7,700 லிட்டர் என்று 2018இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தெருவுக்கு வரும் ஒரு சிறிய தண்ணீர் லாரியின் கொள்ளளவு. அந்த லாரியில் மீன் இல்லை என்பதால் கடலில் மீனே இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கிடைப்பதை நம்புவதும் லேசல்ல. 2019 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி பிராக்சிமாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 982 மெகாஹெர்ட்ஸ் அருகே மிகக் குறுகலான ஒரு சமிக்ஞை பதிவானது. இயற்கையில் அவ்வளவு குறுகிய அலைவரிசை உண்டாவதில்லை, கருவிதான் உண்டாக்கும். அந்தக் கருவி யாருடையது என்பதே கேள்வி. இதற்கான வழக்கமான சோதனை, தொலைநோக்கியைச் சிறிது நேரம் வேறு பக்கம் திருப்பிவிட்டு மீண்டும் நட்சத்திரத்துக்குக் கொண்டுவருவது. பக்கத்து ஊர் செல்போனோ தலைக்கு மேல் போகும் செயற்கைக்கோளோ என்றால் இரண்டு நிலையிலும் கேட்கும். இது நட்சத்திரத்தைப் பார்க்கும்போது மட்டுமே கேட்டது. கூடவே அதன் அதிர்வெண் மெல்ல நகர்ந்தது. தரையில் நிலையாக நிற்கும் கருவியின் அலை அப்படி நகராது என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை முழுவதும் கிளறினார்கள். அதே சாயலில், அதேபோல் நகரும் சமிக்ஞைகள் வேறு பல அதிர்வெண்களில் அகப்பட்டன. அவற்றுக்கிடையே இருந்த இடைவெளி, சாதாரண மின்னணுக் கருவிகளில் கடிகாரத் துடிப்பு கொடுக்கும் பாகங்களின் அதிர்வெண்களோடு ஒத்துப்போனது. போதாததற்கு, அந்தச் சாயல் சமிக்ஞைகளில் சில, தொலைநோக்கி வேறு பக்கம் திரும்பியிருந்தபோதும் கேட்டிருந்தன. ஏதோ ஒரு பூலோகக் கருவியின் கசிவு, தற்செயலாகத் திரும்பும் நேரத்தோடு பொருந்திப்போயிருக்கிறது. 2021இல் அது குறுக்கீடு என்று அறிவிக்கப்பட்டது.

ஆக, குரல் கேட்காததற்குத் தேடியது போதாது என்பதே போதுமான பதில். ஆனால் அந்தப் பதிலை ஃபெர்மியின் கேள்விக்கும் நீட்டுவது பிசகு. 6 கோடி ஆண்டில் இங்கே வந்திருக்கவேண்டியவர்களைத் தேடித் தொலைநோக்கி தேவையில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன.

முதலாவது 2019இல் வெளியான ஒரு கணினி ஆய்விலிருந்து வருகிறது. நட்சத்திரங்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. குடியேற்றங்களும் என்றென்றைக்கும் வாழ்வதில்லை. சில அழிகின்றன, சில இடங்களில் மறுபடி குடியேறுகிறார்கள். இந்தக் கலைதலில் பல லட்சம் ஆண்டு யாரும் எட்டிப்பார்க்காத திட்டுகள் தாமாகவே விழும். பூமி அப்படியொரு திட்டில் இருக்கலாம். அதற்கு முன்பு யாரேனும் வந்துபோயிருந்தாலும், கண்டத்தட்டுகள் நகர்ந்து, மலை தேய்ந்து, மண் மூடும் இந்தக் கோளில் அதன் அடையாளம் மிஞ்சியிருக்க வாய்ப்புக் குறைவு. காற்றும் மழையும் இல்லாத நிலவு அப்படியல்ல; அங்கே தேடுவதில் பொருள் இருக்கிறது.

இரண்டாவது விளக்கம் எளிமையானது, ஒருவேளை உண்மைக்கு அருகிலும் இருப்பது: உயிர் பிறக்கலாம், ஆனால் கப்பல் கட்டும் நிலைக்கு வருவது அரிதிலும் அரிது. பூமியின் வரலாறு இதற்குச் சாட்சியாகத் தோன்றுகிறது. கோள் உருவாகி நூறு கோடி ஆண்டளவிலேயே நுண்ணுயிர்கள் வந்துவிட்டன. ஆனால் கருவோடு கூடிய சிக்கலான செல் தோன்ற, அதற்குப் பிறகு நூறு கோடி ஆண்டுக்கும் மேல் ஆனது. மரம், காளான், மனிதன் எல்லாம் அப்படி உண்டான ஒரே பரம்பரையின் கிளைகள். ரேடியோ அலையை அனுப்பத் தெரிந்து நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை.

வேறொரு கோளில், பூமியோடு தொடர்பில்லாமல் பிறந்த நுண்ணுயிர் கிடைத்தால், முதல் படி எளிது என்று தெரிந்துவிடும். அப்போது தடை அதற்குப் பிந்திய படிகளில் எங்கோ இருக்கவேண்டும். நாம் தாண்டிவந்த படியிலா, இனிமேல் வரப்போகும் படியிலா என்ற கவலையும் கூடவே வரும். வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கு அடியில் உயிர் தங்கக்கூடிய கடல் இருக்கிறதா என்று ஆராய, 2024 அக்டோபரில் நாசா அனுப்பிய யூரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனை அடையும்.