துணைத்தேற்றம், தேற்றம், கிளைத்தேற்றம்

கேம்பல் பேயில் பத்தாம் வகுப்புப் பயிலும் நம் பிள்ளைகள் √2 ஒரு விகிதமுறா எண் என்பதை நிறுவக் கற்கின்றனர். அதனைக் கொண்டே இம்மூன்றின் வேறுபாட்டை விளக்க விழைகின்றோம்.

ஒரு முழு எண்ணின் வர்க்கம் இரட்டைப்படையாயின் அவ்வெண்ணும் இரட்டைப்படையே. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கம் ஒற்றைப்படையாகவே இருத்தலின் இது மெய்யாம். அடுத்து வருவதற்கு ஊன்றுகோலாய் நிற்பதால் இது துணைத்தேற்றம்.

இனித் தேற்றம். √2 = a/b எனவும், முழு எண்களாகிய a, b ஆகியவற்றிற்கு 1 அன்றிப் பொதுக்காரணி இல்லை எனவும் கொள்வோம். அப்போது a² = 2b². ஆகவே a² இரட்டைப்படை. துணைத்தேற்றத்தால் a-யும் இரட்டைப்படை. a = 2c எனின் b² = 2c² ஆகி, b-யும் அவ்வாறே ஆகின்றது. 2 பொதுக்காரணியாக வந்துவிட்டமையின் நாம் கொண்டது பிழை.

தேற்றம் முடிந்ததும், 5 + √2 விகிதமுறா எண் என்பது ஓரடியில் கிடைக்கின்றது. அது விகிதமுறு எண்ணாயின், 5-ஐக் கழித்தபின் எஞ்சும் √2-உம் விகிதமுறு எண்ணாகிவிடுமன்றோ? இதுவே கிளைத்தேற்றம்.

மூன்றிற்கும் நிறுவல் வேண்டும். பெயர் அவற்றின் பணியையே குறிக்கும். நாம் துணையென்ற உண்மையை என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் எல்லாப் பகா எண்களுக்கும் விரித்துத் தேற்றம் என்றே வழங்குகின்றது. ஆயின் கிளையைக் கொண்டு தேற்றத்தை நிறுவ முயல்வது, கூரையின்மேல் சுவரெழுப்புவதாகும்.