அரை வெங்காயமும் ஓர் ஆப்பிளும்

இரவு ஒன்பது மணி ஆனால் என் அக்கா பாவாடை நாடாவை அவிழ்த்து, இரண்டு விரல் தளர்த்திக் கட்டிக்கொள்வாள். காலையில் தட்டையாக இருந்த வயிறு அதற்குள் மத்தளம் மாதிரி இறுகிப் போயிருக்கும். “ஒண்ணுமே சாப்பிடலையேடா, வெறும் சாலட்தானே” என்பாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் இரவுத் தோசையை விட்டுவிட்டு அவள் அந்தச் சாலட்டுக்கு மாறி நான்கு மாதம் ஆகியிருந்தது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் குறை இல்லை.

அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பெரிய வெங்காயம், ஒரு வெள்ளரிக்காய், ஒரு கேரட், ஒரு தக்காளி, மேலே எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும். அதை முடித்ததும் ஒரு முழு ஆப்பிள். அவளுடைய சந்தேகம் வெள்ளரிக்காய் மேல். ஒரு வாரம் அதை நிறுத்திப் பார்த்தாள். நாடா தளர்வதில் மாற்றமில்லை. அடுத்து, பச்சையாகச் சாப்பிடுவதுதான் காரணம் என்று முடிவு கட்டினாள். பலரும் கட்டுகிற முடிவுதான் அது. ஆனால் அவள் தட்டில் வெள்ளரியும் கேரட்டும்கூடப் பச்சைதான். அவற்றை மட்டும் கிண்ணம் நிறையச் சாப்பிட்ட நாளில் அவளுக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை.

வேறுபாடு பச்சையா வெந்ததா என்பதில் இல்லை. அந்தக் காய்க்குள் இருக்கும் சர்க்கரை எந்த வகை என்பதில் இருக்கிறது.

வெங்காயம் தன் சேமிப்பை உருளைக்கிழங்கு மாதிரி மாவாக வைத்துக்கொள்வதில்லை. ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையின் துணுக்குகளை ஒன்றோடொன்று கோத்துச் சிறு சங்கிலிகளாக வைத்துக்கொள்கிறது. இந்தச் சங்கிலிக்கு ஃப்ரக்டன் என்று பெயர். மாவுச்சத்தை அறுக்க நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் நொதிகள் இருக்கின்றன. ஃப்ரக்டன் சங்கிலியின் கண்ணியை அறுக்கும் நொதி மனித உடம்பில் யாருக்குமே கிடையாது. அஜீரணக்காரருக்கும் இல்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பெயர் வாங்கியவருக்கும் இல்லை. நாம் தின்ற ஃப்ரக்டன் ஏறக்குறைய முழுசாகவே சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது.

அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அதற்குப் பிறகு நடப்பது நம் அடுப்படியில் தினமும் நடப்பதுதான். இட்லி மாவைப் பாத்திரத்தின் பாதிக்கு ஊற்றி மூடி வைக்கிறோம். விடிந்து பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருக்கிறது. மாவில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவை விட்டதால் வந்த பொங்கல் அது. பெருங்குடலிலும் அதே புளிப்புதான். வரும் வாயுவில் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் இருக்கும், சிலருக்கு மீத்தேனும் சேரும். கூடவே சிறு கொழுப்பமிலங்களும் உண்டாகின்றன. அவை குடல் சுவரின் செல்களுக்கு உணவு, நமக்கு நல்லது செய்பவை. ஆகவே வெங்காயத்தை விஷமாகப் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

ஆப்பிள் வேறு வழியில் வேலை செய்கிறது. அதில் சங்கிலி இல்லை. இருப்பது தனித்தனிப் பழச்சர்க்கரை, அதுவும் குளுக்கோஸைவிட இரண்டு மடங்குக்கு மேல். சிறுகுடல் குளுக்கோஸைத் தாராளமாக உறிஞ்சிக்கொள்ளும். பழச்சர்க்கரைக்கு இருக்கும் வாசல் குறுகலானது. கூடவே சம அளவு குளுக்கோஸ் இருந்தால் அதன் துணையோடு இதுவும் உள்ளே போய்விடும். ஆரஞ்சில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் வருவதில்லை. ஒரு நடுத்தர ஆப்பிளில் பழச்சர்க்கரை ஏறத்தாழ பத்து கிராம், குளுக்கோஸ் நான்கு கிராம்தான். மிச்சத்துக்குத் துணையில்லை. போதாக்குறைக்கு ஆப்பிளில் சார்பிட்டால் என்ற இன்னொரு இனிப்பும் கொஞ்சம் உண்டு. அதையும் குடல் மெதுவாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சப்படாத சர்க்கரை சும்மா கிடக்காது. ஊறுகாய் ஜாடியில் உப்பு மாங்காயிலிருந்து நீரை இழுப்பதுபோல, குடல் சுவரிலிருந்து நீரை உள்ளே இழுக்கும். வயிற்றில் ‘களக் களக்’ என்று கேட்கிறதே, அந்தச் சத்தத்தில் இந்த நீருக்கும் பங்குண்டு. அதன் பிறகு எஞ்சியது பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும்.

ஃப்ரக்டன், மிஞ்சிய பழச்சர்க்கரை, சார்பிட்டால், பாலில் உள்ள லாக்டோஸ், பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் உள்ள வேறு சில சிறு சங்கிலிகள் இவற்றையெல்லாம் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து ‘ஃபாட்மேப்’ என்று பெயரிட்டவர்கள் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் உணவியலாளர் சூ ஷெப்பர்டும். அது 2005-ல். உறிஞ்சப்படாமல் மிஞ்சி, வேகமாகப் புளித்து, நீரையும் இழுக்கிற சர்க்கரைகள் என்பதுதான் இந்தப் பெயருக்கு அடியில் இருக்கும் பொருள்.

இனி என் அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். “மாமாவும் அதே தட்டிலதான் சாப்பிடுறார். அவருக்கு ஒண்ணும் ஆகலையே?”

இதற்கு விடை தேடியவர்களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராபின் ஸ்பில்லர் குழுவினர் முக்கியமானவர்கள். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே அளவு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, வயிற்றுக்குள் நடப்பதை எம்ஆர்ஐ கருவியில் மணிக்கணக்காகப் படமெடுத்தார்கள். ஒரு நாள் பழச்சர்க்கரை, ஒரு நாள் ஃப்ரக்டன் வகையைச் சேர்ந்த இன்யூலின், ஒரு நாள் குளுக்கோஸ். பழச்சர்க்கரை குடித்த பிறகு சிறுகுடலில் நீர் சேர்ந்தது. இன்யூலின் சிறுகுடலைச் சலனமில்லாமல் கடந்து, சில மணி நேரம் கழித்துப் பெருங்குடலில் வாயுவாக வீங்கியது. 2017-ல் வெளியான அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியது அடுத்த செய்தி. இன்யூலின் தந்த வாயு இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வலியும் உப்புசமும் மட்டும் நோயாளிகளுக்கு மிகுதி.

மாமாவின் வயிற்றிலும் அதே வாயு வந்துகொண்டுதான் இருந்தது. அவர் குடல் அந்த விரிவைக் கண்டுகொள்ளவில்லை. அக்காவின் குடல் நரம்புகள் அதையே வலி என்று மூளைக்குச் சொல்லின. “எல்லாம் மனசுதான்” என்று இவர்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். அந்த வாயு உண்மை, அந்த விரிவு உண்மை. அதை உணர்கிற கூர்மைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வாயுவுக்கு மாத்திரை தேடுவதைவிட, வாயுவுக்குத் தீனியாகப் போவதைக் குறைப்பது இவர்களுக்கு ஏன் பலன் தருகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

நேரக் கணக்குதான் பலரை ஏமாற்றிவிடுகிறது. அக்கா ஏழு மணிக்குச் சாப்பிடுவாள். வெங்காயம் பெருங்குடலை எட்டச் சில மணி நேரம் பிடிக்கும். அப்படியானால் ஒன்பது மணி உப்புசத்தை அந்த வெங்காயத்தின் தலையில் முழுவதும் கட்ட முடியாது. ஆப்பிள் இழுத்த நீர் ஒரு பங்கு. மதியம் சாப்பிட்ட சின்ன வெங்காயச் சாம்பார் இன்னொரு பங்கு. புதிதாக வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அங்கே ஏற்கெனவே இருக்கும் வாயுவும் இடம் மாறும். இரவுத் தட்டின் வெங்காயம் தன் வேலையைக் காட்டியது மறுநாள் விடியற்காலையில். அவளோ அதற்குக் காலைக் காப்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சாம்பாரைப் பற்றி இன்னொன்று. வேகவைத்தால் ஃப்ரக்டன் அழிந்துவிடாது. அது நீரில் கரையக்கூடியது. கொதிக்கும்போது வெங்காயத்தை விட்டுச் சாற்றில் இறங்கும். சாம்பாரிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை ஊற்றிக்கொண்டால் பயன் அதிகம் இல்லை. ஆனால் ஃப்ரக்டன் எண்ணெயில் கரையாது. பூண்டையோ வெங்காயத்தையோ பெரிய துண்டாக எண்ணெயில் வதக்கி, துண்டை எடுத்துவிட்டால் மணம் எண்ணெயில் தங்கும், சர்க்கரை தங்காது. வெங்காயத் தாளில் பச்சைப் பகுதியில் ஃப்ரக்டன் மிகக் குறைவு, அடியில் உள்ள வெள்ளைப் பகுதியில்தான் அதிகம். வெங்காயமே சேர்க்காத சமையல் நம்மூரில் பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அங்கே பெருங்காயம் கொடுக்கும் மணத்தைத்தான் மேல்நாட்டு உணவியலாளர்களும் இப்போது வெங்காயத்துக்கு மாற்றாகப் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அது மகிழ்ச்சியான செய்தி.

உணவியலாளர் ஒருவரைக் கலந்துகொண்டு அக்கா செய்தது இது. மூன்று வாரம் வெங்காயம், பூண்டு, ஆப்பிள் மூன்றும் அறவே இல்லை. சாம்பாரும் பெருங்காயச் சாம்பார்தான். வெள்ளரி, கேரட், தக்காளி பழையபடி. பழத்துக்கு ஆரஞ்சோ பப்பாளியோ. இரண்டாம் வார நடுவில் நாடா தளர்வது நின்றது. இத்தோடு நிறுத்தியிருந்தால் எது குற்றவாளி என்றே தெரிந்திருக்காது. வாழ்நாள் முழுக்க மூன்றையும் விலக்கியிருப்பாள். அது தவறு. இந்தச் சர்க்கரைகள் நல்ல பாக்டீரியாக்களின் தீனியும்கூட. நெடுநாள் நிறுத்தினால் அவை குறைகின்றன. அதனால்தான் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் திரும்பச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நான்காம் வாரம் ஆப்பிள் மட்டும். முதல் நாள் கால் பழம், அடுத்த நாள் பாதி, மூன்றாம் நாள் முழுசு. பாதி வரை சத்தமில்லை. முழுப் பழம் தின்ற அன்று ஒரு மணி நேரத்தில் ‘களக் களக்’. இடையில் மூன்று நாள் இடைவெளி விட்டு வெங்காயம். ஒரு மேசைக்கரண்டி நறுக்கல் பரவாயில்லை, கால் வெங்காயத்துக்கு மறுநாள் காலை இறுக்கம், பாதி போடத் துணியவில்லை. கடைசியாகப் பூண்டு. அதில் ஃப்ரக்டன் வெங்காயத்தைவிடப் பல மடங்கு அதிகம், ஆனால் ரசத்தில் ஒரு பல் தட்டிப் போட்டது அவளுக்கு ஒத்துக்கொண்டது. எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் நேரத்தோடு எழுதி வைத்தாள்.

எல்லா உப்புசமும் இந்தக் கணக்குக்குள் வராது. உடம்பு இளைப்பது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய உப்புசம் இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். குறிப்பாக வயது கூடிய பெண்களுக்கு விடாமல் நீடிக்கும் உப்புசம் சினைப்பைப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். கோதுமையிலும் ஃப்ரக்டன் உண்டு என்பதால் சப்பாத்தியை நிறுத்தினாலும் சிலருக்குச் சரியாகும். ஆனால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் அது சரியாகக் காட்டாது.

இப்போதும் அக்கா இரவில் சாலட்தான் சாப்பிடுகிறாள். வெள்ளரியும் கேரட்டும் தக்காளியும், மேலே கைப்பிடி வெங்காயத்தாள், பச்சைப் பகுதி மட்டும். ஆப்பிளைப் பாதியாக நறுக்கி, மறுபாதியை மாமாவிடம் நீட்டுகிறாள்.